கரண்ட் போகிற சத்தம்: ஒரு நிமிடம் நாற்பது வினாடிக் காட்சிக்கு ஒலி சேர்த்த அனுபவம்

நண்பர் ஒருவர் எடுத்த 12 நிமிடக் குறும்படத்தில் ஒரு காட்சிக்கு மட்டும் நான் ஒலி வேலை செய்து கொடுத்தேன். காட்சி இதுதான். திருவாரூர் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு, ராத்திரி, வெளியே மழை. அறுபது வயதுப் பெண்மணி தரையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைக்கிறார். மின்னல் வெட்டுகிறது, கரண்ட் போகிறது. முறத்தை வைத்துவிட்டு எழுந்து, மாடத்திலிருந்து தீப்பெட்டி எடுத்து, அரிக்கேன் விளக்கை ஏற்றி, அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறக்கிறார். மொத்தம் ஒன்பது ஷாட், ஒரு வார்த்தை வசனம் கிடையாது. வசனம் இல்லாததால் இந்தக் காட்சியை ஒலிதான் முழுக்கத் தாங்க வேண்டும். கேமராவோடு வந்த ஒலியிலோ லைட்டுகளுக்காக வைத்த ஜெனரேட்டர் சத்தம் ஆரம்பம் முதல் கடைசி வரை ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஒலியைச் சுத்தம் செய்து பயன்படுத்தலாமா என்று அரை நாள் பார்த்தேன். ஜெனரேட்டர் சத்தத்தைக் குறைக்கக் குறைக்க முறத்தின் சத்தமும் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிட்டது. அதனால் எல்லாவற்றையும் புதிதாகச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் அந்தக் கெட்டுப்போன ட்ராக்கை அழிக்காமல் டைம்லைனின் அடியில் ம்யூட் செய்து வைத்துக்கொண்டேன், காரணம் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு காலடியும் எந்த ஃபிரேமில் விழுகிறது என்று அலைவடிவத்தில் மேடாகத் தெரியும். இன்னொன்று, ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கிளாப் பலகை அடிக்கிறார்கள் அல்லவா, அந்த 'டப்' என்ற அடி அந்த அறைக்குள் எவ்வளவு நேரம் எதிரொலித்து அடங்குகிறது என்பது அதில் பதிவாகியிருக்கும். பின்னால் நான் சேர்க்கும் சத்தங்களை அதே அறைக்குள் வைக்க அதுதான் எனக்கு அளவுகோல். படப்பிடிப்பு ஒலி எவ்வளவு மோசமாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

முதல் நாள் செய்ததில் ஒரு தப்பு நடந்தது. 'மழை ராத்திரி' என்று யோசித்து மழை, இடி, தவளை, சிள்வண்டு என்று அடுக்கினேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கரண்ட் போகிற இடத்தில் பல்பு அணைகிறதே தவிரக் காதுக்கு எதுவுமே நடக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த நொடி எது என்று சொல்ல முடியாது. நம் வீட்டில் கரண்ட் போனால் கண்ணை மூடியிருந்தாலும் தெரியும், தூக்கத்தில் இருப்பவர்கூட விழித்துக்கொள்வார். ஏனென்றால் அதுவரை ஓடிக்கொண்டிருந்த சில சத்தங்கள் நிற்கின்றன. ஆக, கரண்ட் போவதைக் கேட்க வைக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் இருக்கும் முப்பது வினாடியில் கரண்ட் இருப்பதைக் கேட்க வைத்திருக்க வேண்டும். அதை நான் செய்யவே இல்லை. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, இந்த வீட்டில் கரண்டில் ஓடும் சத்தங்கள் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன்.

மூன்று விஷயம் கிடைத்தது. சீலிங் ஃபேன், சமையலறையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ், பக்கத்து வீட்டு டிவி.

ஃபேனை என் வீட்டிலேயே பதிவு செய்தேன். எங்கள் கூடத்து ஃபேன் பழசு, ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், இந்த வேலைக்கு அது வரமாக அமைந்தது. ஃபேனுக்கு நேர் கீழே மைக்கை வைத்தால் காற்று மைக்கில் மோதி 'பொத பொத' என்று வரும், அது ஃபேன் சத்தமே இல்லை. சுவரோரமாக, காற்று நேராகப் படாத இடத்தில், பஞ்சு உறை போட்டு வைத்தால்தான் இறக்கை காற்றைக் கிழிக்கும் அந்த 'ஹூஷ்' சரியாக வந்தது. பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, அது ஓய்ந்து நிற்கும் வரை பதிவு செய்தேன், 50 வினாடிக்கு மேல் ஆனது.

அந்தப் பதிவைக் கேட்டபோதுதான் ஃபேன் சத்தம் உண்மையில் இரண்டு சத்தம் என்று கவனித்தேன். மோட்டாரின் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் ஒன்று, இறக்கையின் காற்றுச் சத்தம் இன்னொன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில்தான் இந்த மாதிரி ரீங்காரம் பெரும்பாலும் கேட்கும். கரண்ட் போன அந்தக் கணமே ரீங்காரம் வெட்டினாற்போல் நின்றுவிடுகிறது. இறக்கையோ வேகம் இருக்கும் வரை சுற்றுகிறது, காற்றுச் சத்தம் மெதுவாகத்தான் தேய்கிறது, அந்த 'டிக்' மட்டும் டிக்... டிக்...... டிக் என்று இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. வெறும் ஃபேன் ஒலியை எடுத்து ஃபேட் அவுட் செய்தால் இது வராது, யாரோ வால்யூமைக் குறைத்தது போலத்தான் இருக்கும். என் முதல் முயற்சி அப்படித்தான் இருந்தது.

ஃப்ரிட்ஜை நள்ளிரவில் பின்பக்கம் மைக் வைத்துப் பதிவு செய்தேன். கம்ப்ரஸர் நிற்கும்போது ஒரு 'தடக்' என்ற குலுக்கல் வரும், அது கட்டாயம் வேண்டும். பக்கத்து வீட்டு டிவிக்கு ஏதாவது ஒரு சீரியலின் ஒலியை எடுத்துப் போடுவது சரியில்லை, அது இன்னொருவருக்குச் சொந்தம். அதனால் தங்கையை விட்டு ஒரு பத்திரிகைக் கட்டுரையை ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கச் சொல்லி, 600 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டிவிட்டேன். சுவர் வழியாக வரும் சத்தத்தில் உச்ச அதிர்வெண்கள் அடிபட்டுப் போகும், அதனால் குரல் என்று தெரியும், சொல் புரியாது. அவ்வளவுதான் வேண்டும்.

இப்போது பல்பு அணையும் ஃபிரேமுக்கு அடுத்த ஃபிரேமில் மோட்டார் ரீங்காரம், ஃப்ரிட்ஜ், டிவி மூன்றையும் ஒரே இடத்தில் வெட்டினேன். ஃபேன் இறக்கை மட்டும் தொடர்ந்து தேய்கிறது. இதற்கு மேல் இரண்டு சின்ன வேலை செய்தேன். ஒன்று, அடுத்த நான்கு வினாடியில் மழையின் அளவை 2 டெசிபல் மெதுவாக ஏற்றினேன். நிஜத்தில் மழை கூடவில்லை, ஆனால் மற்ற சத்தம் நின்றதும் நம் காது மழையை அப்படித்தான் கேட்கும். இரண்டாவது, பேட்டரியில் ஓடும் சுவர்க் கடிகாரம். அதன் 'டக் டக்' சத்தத்தைக் காட்சியின் முதல் ஃபிரேமிலிருந்தே வைத்திருக்கிறேன், ஆனால் ஃபேன் ஓடும்போது அது மூடிப்போய்க் கேட்காது. கரண்ட் போனதும் ஃபேன் அடங்க அடங்க அது தானாக வெளியே வருகிறது. அந்த இடத்தில் நான் அதன் வால்யூமைத் தொடவே இல்லை. படத்தைப் பார்த்த நண்பர் "இந்தக் கடிகாரம் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார். அது முதலிலிருந்தே இருந்தது என்றதும் மறுபடி முதலிலிருந்து ஓட்டிக் கேட்டார்.

அடுத்து மழை. இதில்தான் அதிக நேரம் போனது. மழைக்கென்று தனிச் சத்தம் ஒன்று கிடையாது, அது எதன்மேல் விழுகிறதோ அதன் சத்தம்தான். வெட்டவெளியில் மைக்கை நீட்டிப் பதிவு செய்தால் பழைய டிவியில் சேனல் வராதபோது கேட்குமே அந்த இரைச்சல்தான் கிடைக்கும். அதனால் மூன்று அடுக்காகப் பிரித்தேன். தூரத்து மழை ஒன்று, வெறும் இரைச்சல்தான், மிகத் தாழ்வாக. ஓட்டின்மேல் விழும் மழை ஒன்று, இது அறைக்கு மேலே இருக்கிற உணர்வு தர வேண்டும். கடைசியாக, ஓட்டு விளிம்பிலிருந்து ஒழுகி முற்றத்து அண்டாவில் சொட்டும் தண்ணீர். காது பிடித்துக்கொள்வது இந்த மூன்றாவதைத்தான், ஏனென்றால் அதில்தான் தனித்தனிச் சொட்டு கேட்கிறது. முதல் இரண்டும் போன ஐப்பசியில் ஊருக்குப் போனபோது எடுத்து வைத்தவை. சொட்டு மட்டும் வீட்டுக் குளியலறையில் பித்தளை அண்டாவை வைத்துக் குழாயைக் கசிய விட்டுப் பதிவு செய்தது.

சொட்டுப் பதிவு 40 வினாடிதான் இருந்தது, காட்சிக்கு 100 வினாடி வேண்டும். அப்படியே திருப்பித் திருப்பிப் போட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது ஒரு இடத்தில் 'டொளக்' என்று ஒரு சொட்டு மட்டும் வித்தியாசமாக விழுவது காதில் பட்டது. ஒரு தடவை அது காதில் பட்டுவிட்டால் அப்புறம் 40 வினாடிக்கு ஒரு முறை அதற்காகவே காத்திருக்கத் தொடங்கிவிடுவோம். லூப் செய்யும்போது முதலில் தேட வேண்டியது இந்த மாதிரி அடையாளமுள்ள சத்தத்தைத்தான்: ஒரு காக்கை கரைவது, ஒரு ஹார்ன், ஒரு இருமல். அதை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை நீளம் வெவ்வேறான துண்டுகளாக்கி, வரிசை மாற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் ஒன்று தேயத் தேய மற்றது எழும்படி ஒரு வினாடி கிராஸ்ஃபேட் கொடுத்தேன். வெட்டிய 'டொளக்'கை வீணாக்கவில்லை, அவர் எழுந்து நிற்கும் ஷாட்டில் ஒரே ஒரு முறை வைத்தேன்.

இன்னொன்று, படம் ஷாட் மாறும் இடத்தில் மழை ட்ராக்கை வெட்டக் கூடாது. ஒன்பது ஷாட்டுக்கும் ஒரே நீளமான மழைதான் ஓடுகிறது. ஒன்பது துண்டையும் ஒரே இடம், ஒரே நேரம் என்று நம்ப வைப்பது அந்தத் தொடர்ச்சிதான்.

கதவு திறக்கும் இடத்தில் என் முதல் யோசனை பலரும் செய்வதுதான்: உள்ளே இருக்கும்போது மழையின் உச்ச அதிர்வெண்களை ஃபில்டரால் அடக்கி வைத்து, கதவு திறக்கத் திறக்க ஃபில்டரைத் திறந்துவிடுவது. கேட்டால் ரேடியோவில் ட்ரெபிள் குமிழைத் திருகியது போல் இருந்தது. கதவு திறக்கும்போது நிஜத்தில் நடப்பது வேறு. உள்ளே கேட்ட ஓட்டுச் சத்தம் அப்படியே இருக்க, அதன்மேல் வெளிச் சத்தம் புதிதாக வந்து சேர்கிறது: வாசற்படியில் தெறிக்கும் தண்ணீர், இலைமேல் விழுவது, தூரத்துத் தவளை. அதனால் வெளி மழையைத் தனி ட்ராக்காக வைத்து, கதவின் விளிம்பு நகரும் வேகத்திலேயே அரை வினாடியில் ஏற்றினேன். தவளையை இந்த இடத்துக்காகவே காப்பாற்றி வைத்திருந்தேன், அதற்கு முன் ஒரு முறைகூட வரவில்லை.

இடியைப் பற்றிச் சுருக்கமாக. மின்னல் ஃபிரேமிலேயே இடியைப் போட்டால் வீட்டின் மேலேயே விழுந்த மாதிரி ஆகிவிடும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், நான் இரண்டு வினாடி தள்ளி வைத்தேன், அதாவது முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் விழுந்த இடி. நடுவில் கரண்ட் போய்விடுகிறது, அதனால் இடி இருட்டுக்குள் வருகிறது.

சரி, இனி ஃபோலி. படத்தைத் திரையில் ஓட்டி, அதைப் பார்த்துக்கொண்டே ஒருவர் நடந்து, துணியை அசைத்து, பொருளைக் கையாண்டு சத்தம் செய்வதுதான் ஃபோலி. ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஜாக் ஃபோலி என்பவரின் பெயர்தான் இந்த வேலைக்கே பெயராகிவிட்டது. பேசாப் படங்கள் பேசும் படங்களாக மாறிய 1920-களின் கடைசியில் அவர் இதைத் தொடங்கினார். சேமித்து வைத்த ஒலிக் கோப்பு ஒன்றை எடுத்து ஒட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம், இதில் நடிப்பு இருக்கிறது என்பதுதான். வழக்கமாக மூன்று பகுதியாகப் பிரித்துச் செய்வார்கள்: காலடி, துணி, பொருள்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, காட்சியின் முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஓட்டமாக.

ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் பதிவு. ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைத்து, ஜன்னலில் ஜமுக்காளம் தொங்கவிட்டு, மைக்கின் பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்தி வைத்தேன். ஒவ்வொரு நாளும் முதலில் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெற்று அறையைப் பதிவு செய்துகொண்டேன், பின்னால் தேவையற்ற ஒன்றை வெட்டி எடுக்கும் இடத்தில் ஓட்டை விழாமல் நிரப்ப அது உதவும். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி.

காலடியை முதலில் நானே நடந்து பார்த்தேன். நேரம் எல்லாம் சரியாக விழுந்தது, ஆனால் திரையில் நடப்பது அந்த அம்மா இல்லை, ஓர் ஆண் என்று காது சொல்லிவிட்டது. என் குதிகால் முதலில் 'தொம்' என்று விழுகிறது, அவர் பாதத்தைத் தரையோடு லேசாக இழுத்து நடக்கிறார். மறுநாள் என் அம்மாவையே நடக்கச் சொன்னேன். கிட்டத்தட்ட அதே வயது, அதே மாதிரி இழுவை. வெறுங்காலில் அந்தப் பாதம் தரையிலிருந்து விடுபடும்போது ஒரு மெல்லிய 'ச்ப்' ஒலி வருகிறது, அது இல்லாவிட்டால் வெறுங்கால் என்று யாரும் நம்பமாட்டார்கள். கூடத்து டைல்ஸில் நடந்தபோது 'டொக் டொக்' என்று கீழே காலியாக இருப்பதுபோல் கேட்டது, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் உண்மையிலேயே சில டைல்ஸ்களுக்கு அடியில் சிமென்ட் சரியாகப் பிடிக்கவில்லை. படத்தில் இருப்பது சிவப்புக் காவித் தரை, கெட்டியானது. கொல்லைப்புறத்துச் சிமென்ட் தரைக்குப் போய்த்தான் அந்தக் கெட்டிச் சத்தம் கிடைத்தது.

அம்மா திரையைப் பார்த்து நடக்கவில்லை, அவர் பாட்டுக்கு நடந்தார். அதனால் 14 காலடியையும் தனித்தனியாக வெட்டி, கேமரா ட்ராக்கில் தெரிந்த மேடுகளுக்கு நேராக வைத்தேன். இந்தப் படம் வினாடிக்கு 24 ஃபிரேம், ஒரு ஃபிரேம் கிட்டத்தட்ட 42 மில்லிவினாடி. ஒலி ஒரு ஃபிரேம் பின்தங்கினால் யாருக்கும் தெரிவதில்லை, ஒரு ஃபிரேம் முந்தினால் உறுத்துகிறது. உலகத்தில் எப்போதும் ஒளிதான் முதலில் வருகிறது, ஒலி அதன் பின்னால்தான், அதற்குக் கண்ணும் காதும் பழகியிருக்கின்றன. அதனால் சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் பின்பக்கமே தள்ளினேன். மெட்டிச் சத்தம் முதலில் எல்லா அடியிலும் வைத்தேன், கொலுசு போட்ட மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் நாலைந்து அடியில் மட்டும், அதுவும் அவர் திரும்பும் இடங்களில் வைத்தேன்.

துணிக்கு, அவர் கட்டியிருப்பது நூல் புடவை. கைக்குக் கிடைத்த ஒரு பாலியெஸ்டர் புடவையை வைத்துச் செய்து பார்த்தேன், பிளாஸ்டிக் பை கசங்குவது போல் வந்தது. அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையை இரண்டு கையிலும் பிடித்து, மைக்குக்கு ஒரு முழ தூரத்தில், அவர் குனியும்போது மெதுவாக உரசி, எழும்போது ஒரே வீச்சில் உதறி, திரையைப் பார்த்துக்கொண்டே இரண்டு நிமிடத்தில் முடித்தேன். இதன் அளவை எப்படி வைப்பது என்றால், ஓடும்போது தனியாகக் கவனத்துக்கு வரக் கூடாது, ம்யூட் செய்தால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தோன்ற வேண்டும்.

இனி முறம். எனக்கு மிகச் சுலபம் என்று தோன்றியது இதுதான், நிஜ முறம் இருக்கிறது, நிஜ அரிசி இருக்கிறது. பதிவும் தனியாகக் கேட்க அருமையாக இருந்தது. ஆனால் மழையோடு சேர்த்து ஓட்டினால் காணாமல் போய்விட்டது. அரிசி முறத்தில் புரள்வதும் மழை ஓட்டில் விழுவதும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அடிகள்தான், இரண்டும் ஒரே அதிர்வெண் பகுதியில் பரவிக் கிடக்கின்றன. ஒன்று மற்றொன்றை மூடிவிடுகிறது. முறத்தின் வால்யூமை ஏற்றினேன், மழைதான் கூடிய மாதிரிக் கேட்டது.

அப்புறம் முறத்தின் அடையாளம் எந்தச் சத்தத்தில் இருக்கிறது என்று யோசித்தேன். அரிசி புரளும் சத்தத்தில் இல்லை. மேலே எகிறிய அரிசி மொத்தமாக மூங்கில் பரப்பில் திரும்ப விழும் அந்த 'சளார்', நடுநடுவே விரலால் முறத்தின் ஓரத்தைத் தட்டும் 'டப் டப்', இவைதான் காதுக்கு முறம். அரிசியைப் பாதியாகக் குறைத்து, கூடவே ஒரு கைப்பிடி உளுந்தைக் கலந்து, புரட்டலை அடக்கி வீச்சையும் தட்டலையும் அழுத்திச் செய்தேன். உளுந்து கனமானது, விழும் சத்தம் கொஞ்சம் தாழ்ந்து தனித்தனியாகக் கேட்கிறது. கூடவே ஓட்டு மழையில் 4 கிலோஹெர்ட்ஸ் சுற்றி 3 டெசிபல் குறைத்து இடம் விட்டேன். இப்போது இரண்டும் கேட்கின்றன. திரையில் இருப்பது அரிசி, காதில் விழுவதில் உளுந்து இருக்கிறது, பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்படவில்லை.

தீக்குச்சியும் அப்படித்தான் நேரம் எடுத்தது. படத்தில் முதல் குச்சி பற்றவில்லை, இரண்டாவதுதான் பற்றுகிறது. இருபது குச்சி கிழித்துப் பார்த்தேன். மைக்குக்கு நேர் எதிரே கிழித்தால் பற்றும்போது வரும் காற்று மைக்கில் 'புப்' என்று அடிக்கிறது, ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் கிழித்தால் சரியாக வருகிறது. உரசல் ஒரு பதிவிலிருந்து, 'ஷ்ஷ்' என்று பற்றுவது இன்னொரு பதிவிலிருந்து எடுத்து இணைத்தேன், ஏனென்றால் என் குச்சிகள் அந்த அம்மாவின் கை வேகத்தைவிடச் சீக்கிரம் பற்றிவிட்டன. பெட்டியில் குச்சி நிறைய இருந்தால் குலுங்காது, நாலைந்துதான் இருக்க வேண்டும்.

அரிக்கேன் விளக்கு எங்கள் வீட்டில் இல்லை. அதைத் தூக்கி நடக்கும்போது கம்பிக் கைப்பிடி தகரத் துளையில் உராய்ந்து 'கீச்... கீச்' என்று வரும் சத்தம்தான் எனக்குத் தேவைப்பட்டது. தூக்குவாளி ஒன்றில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி ஆட்டினேன். கைப்பிடியின் கீச்சும், உள்ளே மண்ணெண்ணெய் அலம்புவதும் சேர்ந்தே கிடைத்துவிட்டன. விளக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் 'கிளிங்'குக்கு ஒரு கண்ணாடி டம்ளரைத் தகர டப்பாமேல் வைத்தேன்.

கதவுக்கு நான்கு அடுக்கு: தாழ்ப்பாள் இழுபடும் இரும்பு, அது முட்டி நிற்கும் 'டக்', மழையில் ஊறி உப்பிய கதவு நிலையிலிருந்து பிரியும் முனகல், கீல். முதல் இரண்டும் எங்கள் கொல்லைக் கதவிலிருந்து எடுத்தவை. முனகலுக்குப் பழைய மர நாற்காலியின் சாய்வை மெதுவாக அழுத்தினேன், கீல் ஒரு பீரோக் கதவு. நான்கையும் ஒரே அளவில் வைத்தபோது சிறைக் கதவு திறக்கிற மாதிரி ஆகிவிட்டது. மர முனகலை முன்னால் வைத்து, இரும்பை 6 டெசிபல் இறக்கி, கீலை ஏறக்குறைய எடுத்தேவிட்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் திரைப்பட எடிட்டரும் ஒலி வடிவமைப்பாளருமான வால்டர் மர்ச் தன் அனுபவத்திலிருந்து சொன்னது: ஒருவர் நடந்தால் ஒவ்வொரு அடியும் பொருந்த வேண்டும், இருவர் நடந்தாலும் பொருந்த வேண்டும், மூன்று பேர் ஆகிவிட்டால் காது தனித்தனியாக எண்ணுவதை விட்டுவிடும், அது ஒரு கூட்டமாகக் கேட்கும். இதை அடுக்குகளுக்கும் வைத்துப் பார்த்தேன். என் டைம்லைனில் 26 ட்ராக் இருக்கிறது, ஆனால் எந்த நொடியிலும் கவனத்தைக் கேட்கும் சத்தம் இரண்டுக்கு மேல் இருந்தால் ஒன்றை இறக்கினேன். தீக்குச்சி கிழிக்கும்போது கடிகாரம் பின்னால் போகிறது. தாழ்ப்பாள் இழுக்கும்போது விளக்குக் கீச்சு நிற்கிறது, அவர் அப்போது நடக்கவில்லை என்பதும் வசதியாகப் போயிற்று.

ஃபோலி எல்லாம் மைக்குக்குப் பக்கத்தில் மெத்தைகளுக்கு நடுவே எடுத்தது, அப்படியே வைத்தால் படத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் போலத் தனித்து நிற்கும். கிளாப் பலகை இங்கேதான் உதவியது. அந்த 'டப்' அடங்க அரை வினாடிக்குக் கொஞ்சம் மேல் ஆனது. செயற்கையாக எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் ஒன்றை, பல ட்ராக்குகளையும் ஒன்றாக அனுப்பக்கூடிய தனி பஸ்ஸில் வைத்து, என் வீட்டில் கைதட்டிப் பதிந்த உலர்ந்த ஒலியை அதற்குள் அனுப்பி, இரண்டும் ஒரே மாதிரி அடங்கும் வரை நீளத்தைக் குறைத்துக் கூட்டினேன். பிறகு காலடி, முறம், கதவு எல்லாவற்றையும் அதே பஸ்ஸுக்கு அனுப்பினேன், நெருக்கமான ஷாட்டில் குறைவாக, அகல ஷாட்டில் அதிகமாக. ஒவ்வொன்றுக்கும் தனி ரிவெர்ப் போட்டால் ஒவ்வொன்றும் வேறு வேறு அறையில் நடப்பது போலிருக்கும். ஃபேனின் ரீங்காரம் தவிர எல்லா ஃபோலிக்கும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டேன், அங்கே தெருவில் போன லாரி அதிர்வைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஹெட்ஃபோனில் எல்லாம் நன்றாக இருந்தது. மொபைலில் போட்டுப் பார்த்தால் இடி இல்லை, ஃபேன் ரீங்காரமும் இல்லை. மொபைலின் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணை எழுப்பவே முடியாது, வால்யூமை ஏற்றிப் பயனில்லை. இடிக்கு மேலே ஒரு தகரத் தாளை முறிக்கும் சத்தத்தைத் தாழ்வாகச் சேர்த்தேன், ரீங்காரத்துக்கு லேசாக டிஸ்டார்ஷன் கொடுத்து அதன் மடங்குகளான உயர்ந்த அதிர்வெண்களை எழுப்பினேன். அப்போதுதான் மொபைலிலும் கரண்ட் போனது கேட்டது.

ஒலி அளவை இந்தக் காட்சியை மட்டும் வைத்து அளந்து யூடியூபின் மைனஸ் 14 LUFS-க்கு, அதாவது காதுக்குக் கேட்கும் சத்தத்தின் சராசரியை அளக்கும் அலகில் அந்த அளவுக்கு, ஏற்றிவிடக் கூடாது, அப்படிச் செய்தால் மழை அருவியாகிவிடும். முழுப் படத்தின் மிக்ஸையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும், அமைதியான காட்சி அமைதியாகவே நிற்கட்டும். நான் அளந்தது இப்படி:

```
ffmpeg -i mix.wav -af ebur128 -f null -
```

கடைசியில் வரும் `Integrated loudness` என்ற இடத்தில் `I:` என்ற வரியைப் பார்த்தால் போதும்.

அனுப்புவதற்கு முன் மழை, கடிகாரம் மாதிரியான சூழல் ஒலிகள் அடங்கிய ஆம்பியன்ஸ், ஃபோலி, எஃபெக்ட்ஸ் என்று மூன்று கோப்பாகப் பிரித்து ஏற்றி, படத்தோடு ஒரு முறை முழுசாகப் பார்த்தேன். ஆறாவது ஷாட்டில் விளக்கு வெளிச்சம் சுவரில் பட்டு, அந்தக் கடிகாரத்தின் வினாடி முள் தாவுவது மங்கலாகத் தெரிந்தது. முள் தாவிய பிறகு ஒன்பது ஃபிரேம் கழித்து என் 'டக்' வருகிறது. கடிகார ட்ராக் முழுவதையும் ஒன்பது ஃபிரேம் முன்னால் இழுத்துவிட்டு, ஆம்பியன்ஸை மட்டும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்து அனுப்பினேன்.